எக்ஸ்போர்ட் பாதியில் நின்றால் எந்த நிமிடத்தில் நின்றது என்று பாருங்கள்

நாகர்கோவிலில் கல்யாண வீடியோவும் திருவிழா வீடியோவும் எடிட் செய்து பிழைக்கிறேன். இந்தப் பிரச்சினையால் ஆல்பம் கொடுக்கும் தேதி தள்ளிப்போய், மணமகள் வீட்டாரிடம் பதில் சொல்ல முடியாமல் நின்ற அனுபவம் எனக்கும் உண்டு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்யாண எடிட்டர்: அண்ணா, 100 நிமிட வீடியோ. 63 சதவீதம் வந்ததும் சாப்ட்வேர் தானாக மூடிவிடுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன், மூன்றும் அதே 63. சாப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா?

வேண்டாம் தம்பி. மூன்று தடவையும் ஒரே இடம் என்பது நல்ல செய்தி. கம்ப்யூட்டர் திணறினால் ஒருநாள் 40-லும் மறுநாள் 80-லும் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

உங்கள் டைம்லைனில் 63 சதவீதம் என்றால் ஏறத்தாழ 63-வது நிமிடம். 60 முதல் 66 வரை இன், அவுட் வைத்து அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நின்றால் அந்த ஆறு நிமிடத்தைப் பாதியாக்குங்கள், நிற்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து தடவையில் ஒரு கிளிப்புக்கு வந்துவிடுவீர்கள். பிறகு அந்தக் கிளிப்பை எடுத்துவிட்டு அதே நீளத்துக்கு வெறும் கறுப்புத் துண்டு ஒன்றை வையுங்கள். ஓடினால் கிளிப்தான் குற்றவாளி. அப்போதும் நின்றால் அதன் மேல் இருக்கும் டைட்டில், எஃபெக்ட், டிரான்சிஷன் ஆகியவற்றைப் பாருங்கள்.

மார்த்தாண்டம், அதே எடிட்டர் (மறுநாள்): கிடைத்துவிட்டது அண்ணா. தாலி கட்டும்போது மணமகளின் சித்தி மகன் போனில் எடுத்த கிளிப். ஆனால் பிளேயரில் நன்றாக ஓடுகிறதே?

பிளேயர் கெட்ட பிரேமைத் தாண்டிக் குதித்துவிடும். எடிட்டிங் சாப்ட்வேரால் அப்படித் தாண்ட முடியாது, ஒவ்வொரு பிரேமும் அதற்கு வேண்டும். கிளிப் கெட்டிருக்கிறதா என்று ffmpeg என்ற இலவசக் கருவியைக் கொண்டு கமாண்ட் விண்டோவில் இப்படிப் பாருங்கள்:

```
ffmpeg -v error -i thali.mp4 -f null -
```

இது கிளிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கும். எதுவும் அச்சாகாமல் முடிந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது. `Invalid NAL unit size` மாதிரி வரிகள் வந்தால் கோப்பு சேதமாகியிருக்கிறது, காப்பி எடுக்கும்போது ஆகியிருக்கலாம். அந்தப் பையனின் போனில் மூலக்கோப்பு இன்னும் இருந்தால் கேபிள் போட்டு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் நல்ல வழி. அது இல்லையென்றால் இப்படி மாற்றுங்கள்:

```
ffmpeg -i thali.mp4 -vf fps=25 -c:v dnxhd -profile:v dnxhr_hq -pix_fmt yuv422p -c:a pcm_s16le thali.mov
```

கெட்ட இடத்தில் ஒரு கணம் படம் உறைந்தோ கட்டம் கட்டமாகவோ தெரியலாம், ஆனால் எக்ஸ்போர்ட் நிற்காது. போன் வீடியோவில் பிரேம் வேகம் ஏறி இறங்கும்; இந்த மாற்றத்தில் அது 25-க்குச் சீராகிவிடும். கோப்பு மட்டும் பெரிதாகும், ஃபுல் எச்.டி.யில் நிமிடத்துக்கு 1.3 ஜி.பி. வரை.

ffmpeg ஒன்றும் சொல்லாமல் முடிந்தும் எடிட்டிங் சாப்ட்வேர் விழுந்தால், செட்டிங்கில் ஹார்ட்வேர் டீகோடிங்கை அணைத்துப் பாருங்கள். H.265 போன் கிளிப்புகளில் கோப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் அதைப் பிரிக்கும் கிராபிக்ஸ் கார்டு தடுமாறும். அப்படியானாலும் மேலே சொன்ன மாற்றமே கைகொடுக்கும்.

தக்கலை, ஸ்டுடியோ வைத்திருப்பவர்: எனக்கும் ஒரே இடம்தான். ஆனால் எந்த வீடியோ போட்டாலும் 14-வது நிமிடத்தில் நிற்கிறது. கிளிப் மாற்றியும் பார்த்துவிட்டேன்.

நீங்கள் நேராகப் பென் டிரைவில் எக்ஸ்போர்ட் செய்கிறீர்களா? பென் டிரைவை வலது சொடுக்கி Properties பாருங்கள், `FAT32` என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நீங்கள் பிட்ரேட்டை 40 எம்.பி.பி.எஸ். வைத்தால் நிமிடத்துக்கு 40 × 60 ÷ 8 = 300 எம்.பி. அப்போது 14-வது நிமிடத்தை ஒட்டி 4 ஜி.பி. வரும். உள் டிஸ்கில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, பென் டிரைவை `exFAT` ஆக்கிக் காப்பி செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கில் மார்த்தாண்டம் தம்பியின் 100 நிமிடத்துக்கு 30 ஜி.பி. வேண்டும். சில சாப்ட்வேர்கள் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக எழுதிவிட்டுக் கடைசியில் சேர்க்கும். அதனால் இரண்டு மடங்கு இடம் இருப்பது நல்லது. 99-ல் வந்து நிற்பவர்கள் முதலில் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். கேஷ் கோப்புகள் கிடக்கும் சி டிரைவையும் சேர்த்துப் பாருங்கள்.

கோட்டாறு, திருவிழா வீடியோ எடுப்பவர்: அண்ணாச்சி, சவேரியார் திருவிழா இரவுத் தேர்ப்பவனியை 4கே-யில் எடுத்தேன். புள்ளி புள்ளியாக இருந்ததால் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன். எக்ஸ்போர்ட் விழுகிறது. ரேமை 32 ஆக்கியும் பயனில்லை. ரேம்தானே காரணம்?

மெமரிதான் காரணம், ஆனால் வேறு மெமரி. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நாய்ஸ் ரிடக்‌ஷன் பெரும்பாலும் அந்தக் கார்டின் மெமரியில்தான் ஓடும், நீங்கள் வாங்கிப் போட்ட ரேம் அதற்குப் போகாது. தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அங்கே ரேம் கூட்டினால் பலன் உண்டு. நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கும்.

ஒரு 4கே பிரேமில் பிக்சலுக்கு நான்கு சேனல், சேனலுக்கு 32 பிட் என்று வைத்தால் 3840 × 2160 × 16 பைட், அதாவது 133 எம்.பி. முன்னும் பின்னுமாக ஐந்து பிரேமைப் பார்த்துப் புள்ளியை நீக்கும்போது அதற்கு மட்டுமே 660 எம்.பி. மேலே கலர், பிளர், இன்னொரு லேயர் எல்லாம் சேர்ந்தால் 4 ஜி.பி. கார்டு மூச்சுத் திணறும். எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் `Dedicated GPU memory` கோட்டைப் பாருங்கள். அது உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்ற பிறகு சாப்ட்வேர் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேர் வரும் கிளிப்புகளை மட்டும் நாய்ஸ் ரிடக்‌ஷனோடு தனியாக ரெண்டர் செய்து, வந்த கோப்பை டைம்லைனில் வையுங்கள். பிறகு மற்ற வேலை. நேரம் எடுக்கும், ஆனால் முடியும்.

குளச்சல், கல்லூரி மாணவி: அண்ணா, நான் போனில்தான் எடிட் செய்கிறேன். ரீல்ஸ் அப்லோடு பாதியில் நிற்கிறது. இதே காரணம்தானா?

இது வேறும்மா. அப்லோடு நின்றால் நெட் பக்கம் பாருங்கள். வீடியோ உங்கள் கேலரியில் முழுசாகச் சேமிக்கப்பட்டிருந்தால் எக்ஸ்போர்ட் நன்றாகவே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரணியல், பழைய ஆல்பம் எடிட்டர்: புராஜெக்ட் கெட்டுப்போனாலும் இப்படி ஆகும், அதைச் சொல்லவில்லையே? நான் எப்போதும் முதலில் புதுப் புராஜெக்டில்தான் இம்போர்ட் செய்வேன்.

ஆகும் அண்ணாச்சி, ஆனால் நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கறுப்புத் துண்டு வைத்தும், எஃபெக்ட் எல்லாம் எடுத்தும் அதே இடத்தில் விழுந்தால் அப்போது புதுப் புராஜெக்ட் திறந்து டைம்லைனை அதில் இம்போர்ட் செய்வேன். அதுவும் விழுந்தால் ஆட்டோசேவ் கோப்புகளில் எக்ஸ்போர்ட் ஓடிய கடைசி நாளுக்குப் போவேன். ஒரு தடவை பழைய தமிழ் எழுத்துரு போட்ட டைட்டில் ஒன்றே காரணமாக இருந்தது. அது புதுப் புராஜெக்டுக்கும் கூடவே வந்து அங்கேயும் விழவைத்தது.

இரணியல், அதே எடிட்டர்: எனக்குப் புதுப் புராஜெக்ட் பலதடவை காப்பாற்றியிருக்கிறது. நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

உங்கள் அனுபவம் உங்களுக்கு, அதில் தவறில்லை.

ஆரல்வாய்மொழி, புதிதாகத் தொடங்கியவர்: சார், எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. சில சமயம் கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது.

சாப்ட்வேர் மட்டும் மூடினால் ஒரு பாதை, கம்ப்யூட்டரே அணைந்து எழுந்தால் வேறு பாதை. இரண்டாவதில் சூடோ பவர் சப்ளையோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசியைத் துடைத்து, ஒரு மேசை விசிறியை நேராக வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். அதன் பிறகு நிற்காமல் போனால் சூடுதான். அப்போதும் நின்றால் டிரைவரா பவர் சப்ளையா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. எத்தனை வாட் பவர் சப்ளை, என்ன கார்டு என்று எழுதுங்கள், பார்க்கலாம்.