யார் இறக்கிவிட்டது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கிய இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதைப் பற்றி ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதினேன். குடியிருப்புச் சங்கம், ஒப்பந்ததாரர், நகராட்சி, தொழிலாளர் என்று எல்லாத் தரப்பையும் சொல்லியிருந்தேன். ‘உங்கள் நிலைப்பாடு எங்கே?’ என்று கேட்டு ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் சாய்ந்து எழுதினால் நம்பகத்தன்மை போய்விடாதா? தலைப்பையும் மாற்ற வேண்டுமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

தலைப்பை விடுங்கள், அதை இதழில் பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் நேரில் போயிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தாரிடம் பேசி, கயிறு இல்லாமல் ஒரு பழைய சேலையை இடுப்பில் கட்டி இறக்கினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். அதனால்தான் கோபமும் வருகிறது. அந்தச் சேலையை ஆறாவது பத்தியில், நகராட்சியின் விளக்கத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்களே, ஏன்?

நான் நாளிதழில் துணையாசிரியராக இருந்த காலத்தில் மாவட்டங்களிலிருந்து இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வரும். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’ ஊர் மட்டும் மாறும். வாயு தாக்கியது, இருவர் இறந்தார்கள், போலீசார் விசாரிக்கிறார்கள். இறங்கச் சொன்ன ஆள் எந்த வாக்கியத்திலும் இருக்க மாட்டார். உங்கள் கட்டுரையிலும் அவர் இல்லை. இந்தப் பத்தியைப் பாருங்கள்:

‘பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்படாதது வருந்தத்தக்கது. அதே வேளையில் தொழிலாளர்களும் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். சமூகம் ஒட்டுமொத்தமாகச் சிந்திக்க வேண்டிய நேரம் இது.’

நடுவில் உள்ள வரியை எப்படி எழுத மனம் வந்தது? தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடங்களில் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். ஆபத்து அப்போதுதான் கூடிக்கொண்டிருக்கும். இன்னும் அதிகமானால் ஓரிரு மூச்சிலேயே மயங்கி விழுவார். மேலே நிற்பவர் அவரைத் தூக்கப் போய்த் தானும் விழுவார். ஒருவர் இறங்கிய இடத்தில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவது இப்படித்தான். வாயு அளக்கும் கருவி இல்லாமல் மூக்கை மட்டும் நம்பி இறக்கப்பட்ட மனிதர் எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருந்திருக்க முடியும்? நடுநிலைக்காக நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரி, செத்தவர் தலையிலேயே பழியைப் போடுகிறது. அது பொய்யும்கூட.

அந்தப் பத்தியை நான் இப்படி மாற்றுவேன்:

‘இந்த இருவரையும் இறக்கியதே குற்றம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கி வேலை வாங்குவதை, நேரடியாகவோ மறைமுகமாகவோ, யாரும் செய்யக்கூடாது என்கிறது. ஒப்பந்ததாரர்தான் கூட்டி வந்தார் என்று சொல்லிச் சங்கம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இரு தரப்பின் மீதும் இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும்.’

இதைக் கட்டுரையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோங்கள், சேலைக்கு அடுத்ததாக. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்வதையும் சேருங்கள். யார் வேலைக்கு அழைத்தார் என்பதை மட்டும் எப்ஐஆரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ‘கொலைகாரர்’ போன்ற சொல் வேண்டாம். தீர்ப்பு வரும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

எதிர்த்தரப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாலு தரப்பையும் சமமாக நிறுத்தாமல், அதில் வலுவான ஒன்றை எடுத்துப் பதில் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் உங்களிடம் சொன்னது வலுவானது. லாரிக் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும், அடியில் இறுகிய கசடு வராது, அதைக் கிளறத்தான் ஆள் இறங்க வேண்டியிருக்கிறது என்கிறார். நிலைமை அதுதான். ஆனால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் கசடு கரையும், பிறகு உறிஞ்சலாம். கூடுதல் நேரம், கூடுதல் லாரி நடை, கூடுதல் பணம், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்திருந்தால் அவ்வளவு இறுகியே இருக்காது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் ஆளை இறக்கினார்கள் என்று எழுதுங்கள்.

அப்புறம் அந்த ‘சமூகம் சிந்திக்க வேண்டும்’. அதை அடித்துவிடுங்கள். பாதாளச் சாக்கடைச் சாவுகளுக்கு 2014இல் பத்து லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக்கியது. உங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு எவ்வளவு அறிவித்தார்கள், கைக்கு எவ்வளவு வந்தது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு அங்கே போடுங்கள். வரவில்லையென்றால் யாரிடம் கோப்பு நிற்கிறது என்பதையும் பதவியைச் சொல்லி எழுதுங்கள்.