சின் மலையில் முப்பது மொழி, ஐராவதிச் சமவெளியில் ஒன்றா? – கேள்வி பதில்

அக்கா, உலகத்தில் மொத்தம் எத்தனை மொழி? ஒருத்தர் 6,000 என்கிறார், இன்னொருத்தர் 7,000 என்கிறார். (பகோ)

உலக மொழிகளைத் தொகுக்கும் எத்னோலாக் பட்டியலில் 7,100 சொச்சம். எண் ஆடுவதற்குக் காரணம், கோடு எங்கே கிழிப்பது என்பதுதான். ராக்கைன்காரர் பேசுவதை நம் ஊரில் பர்மியத்தின் வட்டார வழக்கு என்பார்கள். அந்தப் பட்டியலிலோ பர்மியத்துக்கு mya, அதற்கு rki என்று தனிக் குறியீடே இருக்கிறது.

நான் சின் மலையில் இந்த வேலைக்காக அலைந்தவள். ஒரு கிராமத்துப் பெரியவரை அவர் வாழ்வில் நடந்த ஒன்றைக் கதையாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்வோம். அடுத்த பள்ளத்தாக்கில் அதைப் போட்டுக்காட்டி, "ஆற்றில் விழுந்தது யார், எருமை என்ன ஆச்சு?" என்று கேட்போம். பத்துக்கு எட்டுப் பதில் சரியென்றால் ஒரே மொழிக்குள் வைக்கலாம். நாலுதான் தேறினால் வேறு மொழி. ஆறு, ஏழு வரும்போதுதான் தலைவலி.

நான் சின் மலை ஹாக்காவில் 10 வருடம் கடை வைத்திருந்தேன். ஃபலாம்காரர்களும் ஹாக்காகாரர்களும் நன்றாகவே பேசிக்கொள்வார்கள். எதற்கு இரண்டாகக் கணக்கு? (மாந்தலே)

அண்ணே, உங்கள் கடைக்கு வந்தவர்கள் சந்தைக்குப் போய்வந்து பழகியவர்கள். பழகிப் புரிந்துகொள்வது வேறு, பிறந்த மொழி நெருக்கத்தால் புரிவது வேறு. அதனால்தான் ஊரை விட்டு அதிகம் வெளியே போகாதவர்களாகத் தேடிச் சோதிப்போம். ஒரு ஊரில் ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொல்ல, நானும் குறித்துக்கொண்டேன். அப்புறம் விசாரித்தால் அவள் அம்மா பிறந்ததே கதை எடுத்த ஊரில்! ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஹாக்காவும் ஃபலாமும் பக்கத்துப் பக்கத்து மொழிகள். நானே சில நாள் ஒன்று என்பேன், சில நாள் இரண்டு என்பேன்.

அரசாங்கமே 135 இனம் என்கிறது. அப்போ பர்மாவில் 135 மொழி, அவ்வளவுதானே? (தட்டோன்)

நூற்றுக்கு மேல் என்ற அளவில் சரி. ஆனால் அது இனப் பட்டியல், தம்பி. சின் என்ற தலைப்பில் மட்டும் 53 பெயர். சில பெயருக்குத் தனி மொழி இருக்காது. நாம் பேசும் தமிழோ அதில் இல்லவே இல்லை.

மலை இருந்தால் மொழி பெருகும், சமவெளியில் குறையும். இதற்கு மேல் காரணம் என்ன வேண்டும்? (மோல்மேன்)

மலை மட்டும் போதாது. பாப்புவா நியூகினியில் சுமார் 1 கோடி ஜனம், 800க்கு மேல் மொழி. ஐரோப்பா முழுவதும் சேர்த்தும் 300 தேறாது. சரி, நியூகினியில் மலை இருக்கிறது. ஆனால் அங்கே செப்பிக் ஆற்றுச் சதுப்பு நிலத்திலும் மொழிகள் நெருக்கியடிக்கின்றன.

டேனியல் நெட்டில் என்ற ஆய்வாளர் 1990களில் வேறு கோணத்தில் பார்த்தார். வருடம் முழுக்க மழை பெய்து கிழங்கும் கீரையும் விளைகிற இடத்தில், நாலு ஊர் சேர்ந்தால் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். பக்கத்து ஊர் மொழி இல்லாமலே காலம் ஓடும். வறண்ட காலம் நீண்ட இடத்தில் ஒரு வருடம் மழை பொய்த்தால் தூரத்துக்காரரிடம் கை நீட்ட வேண்டும். அப்படி உறவு அகல, ஒரே மொழியும் பெரிய பரப்புக்கு விரியும்.

பர்மாவின் நடுப்பகுதி மழை மறைவு நிலம். சௌக்சே வாய்க்கால்களை நம்பித்தான் பகான் அரசு எழுந்தது. பகானில் மியாசேடி கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். 1113 வாக்கில் வெட்டிய நாலு பக்கத் தூண். பக்கத்துக்கு ஒன்றாகப் பியூ, மோன், பாலி, பர்மியம். அன்றைக்கு அவ்வளவு மொழிக்கும் ஆள் இருந்தது. இன்றைக்குப் பியூ பேச ஒரு நாக்கு இல்லை. பாலி மடத்தோடு நிற்கிறது. மோன் உங்கள் பக்கம் ஒதுங்கிவிட்டது.

ஆனால் நெட்டில் கணக்கு நம் டெல்டாவில் இடிக்கிறது. மழை கொட்டுகிற இடம், மொழி நிறைய இருந்திருக்க வேண்டும். கரென்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் பெரும்பகுதி பர்மியம்தான். இங்கே மழையை விட வரலாறு பெரிது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தபின், நெல்லுக்காகக் காடு திருத்த மேலே வறண்ட பகுதியிலிருந்து ஜனம் இறங்கி வந்தது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததும் அந்த நெல்லைத் தேடித்தான். சின் மலைக்கு யார் போவார்கள், அங்கே உழ என்ன இருக்கிறது? அரசனின் வரிக்காரன் எட்டாத சரிவில் பழைய மொழிகள் பிழைத்தன. மழையா, அரசா, எது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

என் பேத்தி என்னிடமே பர்மியத்தில்தான் பேசுகிறாள். இதனால் உலக மொழிக் கணக்கில் ஒன்று குறையுமா, அம்மா? (துவாண்டே)

குறையாது, பெரியம்மா. தமிழுக்குக் கோடிக்கணக்கில் ஆள் இருக்கிறது. ஆனால் மோன் சுருங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. போரும் அடக்குமுறையும் மட்டும் காரணமில்லை. பாட்டி மோனில் கேட்டாள், பேத்தி பர்மியத்தில் பதில் சொன்னாள்.