ஸ்கேன் செய்த பத்திரத்தில் படுத்த பக்கமும் சாய்ந்த பக்கமும்

கேள்வி: பழைய பத்திரத்தைக் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வாங்கினேன். சில பக்கம் தலைகீழ், சில பக்கம் படுத்திருக்கிறது, சிலது லேசாகச் சாய்ந்திருக்கிறது. ரீடரில் திருப்பி வைத்தாலும் மறுபடி திறந்தால் பழையபடியே நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்:

படுத்த பக்கம் வேறு, சாய்ந்த பக்கம் வேறு. முதலாவதைத் திருப்பினால் போதும், இரண்டாவதை நிமிர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே வேலையாக நினைப்பதால்தான் பலரும் திண்டாடுகிறார்கள்.

திருப்புவது மிகச் சுலபம். பிடிஎஃப் கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் `/Rotate` என்று ஒரு சின்னக் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் காட்டும்போது 90 அல்லது 180 அல்லது 270 டிகிரி திருப்பிக் காட்டு என்று அதில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் ஸ்கேன் படத்தை யாரும் தொடுவதில்லை, ஒரு புள்ளிகூட மங்காது. இலவச ரீடரில் Rotate View என்று நீங்கள் அழுத்துவது இந்தக் குறிப்பை எழுதுவதில்லை. திரையில் அந்த நேரத்துக்குத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

நிமிர்த்துவது அப்படியில்லை. அந்தக் குறிப்பில் 90-இன் மடங்கைத்தான் எழுத முடியும், 2 டிகிரி என்று எழுத இடமில்லை. ஆகவே சாய்ந்த பக்கத்தின் படத்தையே எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் இடம் மாற்றிப் புதிதாக வரைய வேண்டும். வரையும்போது எழுத்தின் ஓரங்கள் கொஞ்சம் மென்மையாகும். ஒருமுறை செய்தால் கண்ணுக்கே தெரியாது. செய்ததன் மேல் மறுபடி மறுபடி செய்தால் எழுத்து மங்கிக்கொண்டே போகும். கோணம் சரியாக வரவில்லை என்றால் மூலக் கோப்பிலிருந்தே திரும்பத் தொடங்குங்கள்.

எங்கள் பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். மொத்தம் 35 பக்கம். முன்பக்கம் தட்டச்சு, பின்பக்கம் சார்பதிவாளர் அலுவலகக் குறிப்பும் முத்திரையும், கடைசியில் மனை வரைபடம். கடைக்காரர் முன்பக்கங்களை எடுத்துவிட்டு, தாளை மேலிருந்து கீழாகப் புரட்டிப் பின்பக்கத்தை எடுத்திருக்கிறார். அதனால் இரட்டைப்படைப் பக்கம் எல்லாம் தலைகீழ். வரைபடம் இடப்பக்கமாகப் படுத்திருந்தது. இப்படி ஒரு ஒழுங்கோடு தப்பு நடந்திருந்தால் qpdf என்ற இலவச நிரலில் ஒரே வரியில் சரிசெய்யலாம்:

```
qpdf pathiram.pdf thiruppiyathu.pdf --rotate=+180:1-34:even --rotate=+90:35
```

1 முதல் 34 வரை இரட்டைப்படைப் பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பு, 35-ஆம் பக்கத்தை வலப்புறமாகக் கால்வட்டம் திருப்பு என்று பொருள். கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் இப்போதைய நிலையிலிருந்து இவ்வளவு திருப்பு என்று அர்த்தம். இல்லாவிட்டால், ஏற்கெனவே எழுதியிருக்கும் குறிப்பை அழித்து இந்த எண்ணை வைத்துவிடும். மேக் வைத்திருந்தால் கட்டளையே தேவையில்லை, Preview-இல் பக்கத்தைத் திருப்பிச் சேமித்தாலே நிலைத்துவிடும்.

அப்புறம் சாய்வு. முதலில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நீண்ட வரியை எடுத்து, அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைத் திரைமேலேயே அளவுகோலால் அளந்து, வரியின் நீளத்தால் வகுத்து, 57-ஆல் பெருக்குங்கள். டிகிரி வந்துவிடும். என் கோப்பில் 9-ஆம் பக்கத்தில் வரி 16 செ.மீ., இறக்கம் 6 மி.மீ., ஆகச் சுமார் 2 டிகிரி. அரை டிகிரிக்குக் குறைவு என்றால் நான் விட்டுவிடுவேன். படிக்கவும் இடைஞ்சல் இல்லை, படத்தைத் தொடவும் வேண்டாம். ஒரு டிகிரி என்பது ஏ4 தாளின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட 3.7 மி.மீ. இறக்கம். அங்கிருந்துதான் கண்ணை உறுத்தத் தொடங்கும்.

விண்டோஸில் இதற்கு நான் பயன்படுத்துவது NAPS2. ஸ்கேனருக்கான இலவச நிரல்தான், ஆனால் பிடிஎஃபையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாய்ந்த பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, Rotate பட்டியலில் Deskew கொடுத்தால் வரிகளைப் பார்த்துத் தானே கோணம் கண்டுபிடித்து நிமிர்த்தும். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். நேராக இருக்கும் பக்கத்தையும் எதற்கு மறுபடி வரைய வேண்டும்?

தானியங்கி எங்கே ஏமாறும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். என் கோப்பில் முதல் முத்திரைத்தாள் நிமிர்ந்த பிறகும் கோணலாகவே தெரிந்தது. உற்றுப் பார்த்தால், தாளின் அச்சடித்த பூவேலைக் கரை நேராக இருக்கிறது, தட்டச்சு வரிகள்தான் சாய்ந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகும்போதே கோணலாகச் செருகியிருக்கிறார்கள். அசல் தாளே அப்படித்தான். அதை நான் மாற்றவில்லை, கரையை நேராக வைத்துக்கொண்டேன். வரைபடப் பக்கத்திலும் Deskew உதவாது, மனைக் கோடுகள் நாலாபக்கமும் ஓடுவதால் எது வரி என்று அதற்குத் தெரியாது. அங்கே Custom Rotation-இல் கோணத்தை நாமே கொடுக்க வேண்டும்.

இன்னொரு இடம் தாளின் ஓரம். பக்கத்தை 2 டிகிரி சுழற்றினால் மூலைகள் சட்டத்துக்கு வெளியே போகும். பதிவான பத்திரத்தில் ஆவண எண்ணும், எத்தனை தாள்களில் இது எத்தனையாவது தாள் என்ற குறிப்பும் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். நிமிர்த்திய பிறகு நான்கு மூலைகளையும் பெரிதாக்கி மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். ஒரு எண் வெட்டுப்பட்டிருந்தாலும் அந்தப் பக்கத்தைச் சாய்ந்தபடியே விடுவது மேல். முத்திரையின் நிறம் மாறாமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான பக்கம் இருந்து, தேடவும் வசதி வேண்டும் என்றால், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தேடத்தக்கதாக்கும் OCRmyPDF என்ற இலவச நிரல்:

```
ocrmypdf -l tam+eng --rotate-pages --deskew ulle.pdf veliye.pdf
```

தமிழ் எழுத்துணர்வுக்கான tam தரவை முன்பே நிறுவியிருக்க வேண்டும். எழுத்து குறைவாக உள்ள பக்கத்தில், வெறும் முத்திரையும் கையெழுத்தும் இருந்தால், எது மேல் எது கீழ் என்று அதற்கு உறுதியாகத் தெரியாது, திருப்பாமல் விட்டுவிடும். அவற்றை qpdf-ஆல் முன்பே திருப்பிவிடுங்கள்.

மொபைலில் படம் எடுத்த பக்கமாக இருந்தால் இதெல்லாம் பலிக்காது. மேல் விளிம்பு குறுகி, கீழ் விளிம்பு அகன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சாய்வே இல்லை, கேமராவைச் சரித்துப் பிடித்ததால் வந்தது. எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் ஒரு பக்கம் கோணலாகவே நிற்கும். ஸ்கேன் செயலியில் நான்கு மூலைகளையும் பிடித்து வெட்டினால்தான் சரியாகும், முடிந்தால் மறுபடி எடுப்பதே நல்லது.

ஒரு கோப்பை மட்டும் தொடாதீர்கள். இணையத்தில் பதிவிறக்கிய, மின்கையொப்பம் உள்ள வில்லங்கச் சான்று போன்றவை. அதில் ஒரு பக்கத்தைத் திருப்பிச் சேமித்தாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். அது படுத்திருந்தால் திரையில் திருப்பிப் படித்துவிட்டு அப்படியே வைத்திருங்கள்.