ஒரு தட்டில் பொன், ஒரு தட்டில் நெல்

பஞ்சத்தில் ஊருக்குச் சோறு போட்டவரைப் பற்றி, அற்புதம் எதுவும் சேர்க்காமல் நம்பும்படி பாடிய பாட்டு ஏதாவது உண்டா?

கீழக்கரை வணிகர் சீதக்காதியைப் படிக்காசுப் புலவர் பாடியது என் நினைவுக்கு வருகிறது. நீண்ட கதைப்பாடல் அல்ல. நான்கே அடித் தனிப்பாடல். காலம் 17ஆம் நூற்றாண்டு, கிழவன் சேதுபதி ஆண்ட இராமநாதபுரம்.

‘ஓர்தட்டிலே பொன்னும் ஓர்தட்டிலே நெல்லும் ஒக்கவிற்கும் கார்தட்டிய பஞ்ச காலத்திலே’ என்று தொடங்குகிறது. நெல்லை மரக்காலில் அளப்பதுதான் வழக்கம், தராசு பொன்னுக்கானது. இங்கே நெல்லும் தராசில் ஏறிவிட்டது, அதுவும் பொன்னுக்குச் சரியாக. பட்டினிப் பிணங்களைக் காட்டாமல் கடைத்தெரு விலையை வைத்தே பஞ்சத்தைச் சொல்லிவிடுகிறார். மிகை என்றால் அந்த விலை மட்டும்தான்.

‘தட்டு’ என்ற சொல் அடிக்கு அடி பொருள் மாறுகிறது: தராசுத் தட்டு, மழை தட்டிப்போவது, யார் தடுத்தாலும் தட்டில்லாமல் நடக்கும் அன்னதானம், கடைசியில் அதற்காக மார்தட்டும் சீதக்காதி. அள்ள அள்ளக் குறையாத பானை இல்லை. எத்தனை ஆயிரம் பேர் உண்டார்கள் என்ற கணக்கும் இல்லை. கப்பல் வணிகம் செய்த செல்வர் விலை ஏறியபோதும் நெல் வாங்கிச் சோறு போட்டார் என்றால் நம்ப முடிகிறது.