பணம் போனது, யூசி வரவில்லை: கேட்டவர்களுக்குப் பதில்

ஒரு வங்கியின் யூபிஐ புகார்ப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். ராத்திரியில் விளையாடுகிற ஆளும்தான். யூசி, டைமண்ட் போன்ற விளையாட்டுக் காசை ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே வழியாக வாங்குவதைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

"அண்ணா, 12-ம் தேதி நைட் 449 ரூபாய்க்கு யூபிஐ போட்டேன். பேங்க்ல கட் ஆயிடுச்சு, யூசி வரல. மறுபடி போடலாமா?" (திருச்சி, கல்லூரி மாணவர்)

போடாதீங்க தம்பி. பணம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் Payments & subscriptions என்று வரும். அதற்குள் Budget & order history இருக்கும். அங்கே நீங்கள் வாங்கியது இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும்.

ஆர்டர் முடிந்துவிட்டது, GPA. என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறது என்றால் பணம் கூகுளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, விளையாட்டுதான் இன்னும் பொருளைக் கொடுக்கவில்லை. விளையாட்டை முழுதாக மூடிவிட்டு, வாங்கிய அதே கணக்கில் திரும்பத் திறங்கள். பெரும்பாலும் திறந்த உடனே வந்து விழும். வாங்கியதை விளையாட்டு மூன்று நாளுக்குள் கூகுளிடம் உறுதி செய்யாவிட்டால் கூகுளே பணத்தைத் திருப்பிவிடும். அதற்குள் வராவிட்டால் GPA எண்ணோடு விளையாட்டின் உதவிப் பக்கத்தில் புகார் கொடுங்கள். வங்கிக்குப் போனால் அவர்கள் "வெற்றி" என்று காட்டிவிட்டுக் கையை விரிப்பார்கள்.

Pending என்று இருந்தால் காத்திருப்பதுதான் வேலை. பெரும்பாலும், யூபிஐ ஆப்பும் வங்கியும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஆர்டரே இல்லை, ஆனால் வங்கியில் பணம் போயிருக்கிறது என்றால் அது வங்கித் தரப்புச் சிக்கல். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் UTR என்று 12 இலக்க எண் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே பக்கத்திலேயே புகார் பதியுங்கள்.

மறுபடி போடாதே என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தீபாவளி ராத்திரி, சலுகை முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் கணக்கில் பணம் குறைந்தது, பேக் ஒன்றுதான் வந்தது. மீதி இரண்டும் திரும்பி வந்தன, ஆனால் ஒன்று மறுநாள், இன்னொன்று நான்காம் நாள். மாதக் கடைசியில் அந்த நான்கு நாள் எப்படி இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

"நாலு நாள்னு பயமுறுத்தாதீங்க. ஒரு நாள்ல திருப்பணும்னுதான் ஆர்பிஐ ரூல். நான் ஃப்ரெண்டுக்கு அனுப்பினது மறுநாளே வந்துச்சு." (சேலம்)

பாதி சரி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கையில் இரண்டு கெடு உண்டு. ஆளுக்கு ஆள் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் பரிவர்த்தனை நாளிலிருந்து ஒரு நாள். கடைக்குக் கட்டி, கடைக்கு உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள். நீங்கள் சொன்னது நண்பருக்கு அனுப்பியது. கூகுள் பிளேக்குக் கட்டுவது கடைக்குக் கட்டுவதில் சேரும். கெடு தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், அதுவும் நாம் கேட்காமலே வங்கி தர வேண்டும்.

"அந்த 100 ரூபாய் எனக்கு வரவே இல்லையே! ஆர்டர்ல Pendingனு எட்டு நாள் இருந்துச்சு." (சேலத்துக்காரருக்குப் பதில் எழுதிய கோவை வாசகர்)

ஐந்தாம் நாளுக்குப் பிறகும் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பாமல், கடைக்கும் உறுதி போகாமல் இருந்திருந்தால் கேளுங்கள். UTR போட்டு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான cms.rbi.org.in-இல் கொடுங்கள்.

"Pending என்றாலே கூகுளுக்குக் காசு போகலைன்னுதானே அர்த்தம்? அப்புறம் என்ன 'இருந்திருந்தால்'?" (சேலம், மறுபடியும்)

அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். வங்கி ஏட்டில் வெற்றி, கூகுள் திரையில் Pending என்று இருந்த புகார்களை நானே பார்த்திருக்கிறேன். அப்போது கெடு வங்கியைக் கட்டுமா என்பதில் எங்கள் பிரிவுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. இவருடைய UTR எந்த நிலையில் இருந்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

"சிம் பில்லில் சேர்க்கும் வசதி என் போனில் காட்டவே மாட்டேன் என்கிறது. இரண்டு சிம் வைத்திருக்கிறேன்." (மதுரை)

எந்த சிம்மில் கட்டணம் சேர வேண்டுமோ அதை முதல் இடத்தில் போடுங்கள். முடிந்தால் இரண்டாவதைக் கழற்றிவிட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயலுங்கள். ரூட் செய்த போன் என்றால் விட்டுவிடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உங்கள் திட்டத்துக்கு நிறுவனம் அதைத் தரவில்லை என்று பொருள்.

"நான் யாழ்ப்பாணம். இந்தியாவில் இருக்கிற மச்சான் கிஃப்ட் கார்ட் வாங்கி அனுப்பலாமோ?"

வேண்டாம். இந்திய ரூபாய்க் கோட் இந்திய பிளே கணக்கில் மட்டும்தான் ஏறும். அதற்காக நாட்டை மாற்றினால் ஒரு வருடத்துக்குத் திரும்ப மாற்ற விடாது. டயலொக் சிம் என்றால் பிளேயில் அதையே கட்டண வழியாகச் சேர்த்துப் பாருங்கள்.

"என் பையனுக்கு ஆயிரம் ரூபாய் கார்டு வாங்கி என் ஜிமெயிலில் ஏற்றினேன். அவன் விளையாட்டில் காட்டவில்லை. எங்கே போயிருக்கும்?" (ஒரு அம்மா)

உங்கள் ஜிமெயிலில் பத்திரமாக இருக்கிறது அம்மா, ஆனால் அவன் கணக்குக்கு மாற்ற வழியில்லை. விளையாட்டை எந்த பிளே கணக்கில் இறக்கினார்களோ, அந்தக் கணக்கின் இருப்பைத்தான் அது எடுக்கும். அடுத்த முறை பையனின் போனில், அவன் கணக்கில் ஏற்றுங்கள். குழந்தைகளுக்குக் கார்டு நல்ல வழி என்றுதான் நினைக்கிறேன். ஏற்றிய தொகைக்கு மேல் போகாது, உங்கள் வங்கிக் கணக்கும் அந்த போனில் இருக்க வேண்டியதில்லை.

"டெலிகிராம்ல 1000 ரூபாய் கோட் 600-க்குத் தர்றாங்க. நம்பலாமா?"

கூடாது. நேர்வழியில் வாங்கிய கோடை யாரும் 400 ரூபாய் நஷ்டத்துக்கு விற்க மாட்டார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியதாக இருக்கும், இல்லை திருடிய கார்டில் வாங்கியதாக இருக்கும்.

"ஐடி கொடுத்தா பாதி விலைக்கு யூசி ஏத்தித் தர்றாங்களாம்..."

மேலே சொன்னதேதான். கூடுதலாக, அந்தப் பணம் பின்னால் திரும்பப் பிடிக்கப்பட்டால் மாட்டுவது உங்கள் விளையாட்டுக் கணக்கு.

"ரீஃபண்ட் தர்றேன்னு ஒருத்தர் ரிக்வெஸ்ட் அனுப்பி பின் போடச் சொல்றார்."

போடாதீர்கள். யூபிஐ பின் போட்டால் பணம் போகும். பணம் வருவதற்கு பின் தேவையே இல்லை.

"ரம்மி ஆப்புக்குப் பணம் கட்ட முடியலை, ஏன்?"

காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இங்கே அதற்குப் பதில் இல்லை.

"பணம் கட் ஆயிடுச்சு, டைமண்ட் வரல. என்ன செய்ய?" (மூன்று பேர்)

முதல் பதிலைப் படியுங்கள். ஆர்டர் பக்கத்தைப் பார்க்காமல் யாரும் இனி இதைக் கேட்க வேண்டாம்.

"அண்ணா, திருச்சிதான். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது தடவையும் போட்டுட்டேன். ஆர்டர்ல ஒண்ணுதான் இருக்கு, கேமைத் திறந்ததும் யூசி வந்துடுச்சு. இன்னொரு 449?"

யூபிஐ ஆப்பில் இரண்டு UTR இருக்கும். ஆர்டர் வந்த நேரத்தோடு ஒத்துப்போவதை விட்டுவிட்டு, மற்றதன் மேல் புகார் பதியுங்கள். இரண்டும் 449 என்பதால் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு, புகார் உடனே தள்ளுபடி ஆகிவிடும். அந்தப் பரிவர்த்தனையும் 12-ம் தேதி என்றால் 17-க்குள் வர வேண்டும். 18-ம் தேதி காலையிலும் வராவிட்டால் அந்த எண்ணோடு வங்கிக் கிளைக்கே போங்கள்.