அடுத்தவங்க ஸ்கிரீன்ல மட்டும் ஏன் நடுங்குது?

வணக்கம் அண்ணா. யூனிட்டில ஒரு சின்ன மல்டிபிளேயர் கேம் பண்றேன். சர்வர் செகண்டுக்கு 20 தடவை பொசிஷன் அனுப்புது. என் ஆளு என் ஸ்கிரீன்ல ஸ்மூத்தா ஓடுறான், ஆனா ஃப்ரெண்டு மெஷின்ல அவன் விட்டு விட்டு குதிக்கிறான். ஒவ்வொரு ஃப்ரேம்லயும் புது பொசிஷனை நோக்கி 0.1 லெர்ப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் குறைஞ்சுதே தவிர போகல. ஒரே வைஃபைல இருந்தா ஓகே, மொபைல் ஹாட்ஸ்பாட்ல ரொம்ப மோசம். இன்டர்பொலேஷன் போட்டா லேட்டா தெரியும்னு சொல்றாங்க, அப்ப பிரெடிக்ஷன்தான் போடணுமா?
— ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

ரெண்டும் வேணும், ஆனா வேற வேற ஆளுக்கு. அடுத்தவங்களுக்கு இன்டர்பொலேஷன், உங்க ஆளுக்கு பிரெடிக்ஷன். இதை மாத்திப் போட்டாதான் சிக்கலே.

முதல்ல நடுக்கம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். ஆளு செகண்டுக்கு 6 மீட்டர் வேகத்துல ஓடுறான்னு வைங்க. சர்வர் 50 மில்லிசெகண்டுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் அனுப்புது, ஒவ்வொண்ணுலயும் அவன் 0.3 மீட்டர் தள்ளி இருப்பான். அனுப்புறது சீராத்தான் போகுது, ஆனா ஹாட்ஸ்பாட் வழியா வந்து சேர்றது சீரா இருக்காது, ஒண்ணு 80 மில்லிசெகண்ட் கழிச்சு வரும், அடுத்தது 22-லயே வந்துரும். வந்த உடனே வரைஞ்சீங்கன்னா அதே 0.3 மீட்டரை ஒரு தடவை 3.75 வேகத்துலயும் அடுத்த தடவை 13.6 வேகத்துலயும் கடந்த மாதிரி தெரியும். அவன் வேகம் மாறவே இல்ல, பேக்கெட் வந்த நேரம்தான் மாறுது. உங்க 0.1 லெர்ப்பும் இதைச் சரி பண்ணாது, ஏன்னா அது தூரமா இருக்கும்போது வேகமாவும் கிட்ட போகப் போக மெதுவாவும் நகர்த்தும், அதனால ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் ஒரு துள்ளல் மிச்சம் இருக்கும்.

அதனால வந்த நேரத்தை நம்பாதீங்க, சர்வர் போட்ட நேரத்தை நம்புங்க. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்லயும் சர்வர் டைம் சேர்த்து அனுப்புங்க, இந்தப் பக்கம் ஒரு பஃபர்ல வரிசையா வச்சுக்கோங்க, வந்துக்கிட்டு இருக்குற சர்வர் டைம்லேருந்து 100 மில்லிசெகண்ட் பின்னாடி ஒரு `renderTime` வச்சு, அதுக்கு முன்னாடி a, பின்னாடி b-ன்னு ரெண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவுல வரைங்க:

```csharp
double t = (renderTime - a.time) / (b.time - a.time);
pos = Vector3.Lerp(a.pos, b.pos, (float)t);
```

சர்வர் டைம் 1050 மில்லிசெகண்ட்ல அவன் 10.3 மீட்டர்ல, 1100-ல 10.6-ல இருக்கான்னு வைங்க. `renderTime` இப்ப 1070-ன்னா t 0.4, பொசிஷன் 10.42. அந்த பேக்கெட் 22-ல வந்துதா 80-ல வந்துதாங்கறது இந்தக் கணக்குக்குள்ளயே வரல பாருங்க. ஏன் 100? ரெண்டு ஸ்னாப்ஷாட் இடைவெளி அது, நடுவுல ஒண்ணு தொலைஞ்சாலும் அடுத்தது வர்ற வரைக்கும் தாங்கும். வால்வோட சோர்ஸ் எஞ்சின்லயும் ரொம்ப காலமா டிஃபால்ட் இதுதான், 20 அப்டேட்டுக்கு `cl_interp 0.1`.

இதுல நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. பேக்கெட் வரும்போதெல்லாம் `renderTime`-ஐ மறுபடி செட் பண்ணுவாங்க, அப்ப விரட்டின நடுக்கம் கடிகாரம் வழியா திரும்ப உள்ள வந்துரும். ஒரு தடவை செட் பண்ணிட்டு ஃப்ரேம் டைம்லயே ஓட விடுங்க, விலகிப் போனா கொஞ்சம் கொஞ்சமா இழுங்க.

லேட்டா தெரியும்னு சொன்னது உண்மைதான், அடுத்தவன் 100 மில்லிசெகண்டும் அவன் நெட்வொர்க் லேட்டும் சேர்ந்து பழைய இடத்துல இருப்பான். அவனுக்கும் பிரெடிக்ஷன் போட்டா லேட் குறையும், ஆனா அவன் எப்ப திரும்புவான்னு உங்க மெஷினுக்குத் தெரியாது, நேரா ஓட விட்டு சுவத்துக்குள்ள அனுப்பிட்டு அப்புறம் வெளிய இழுக்கும். பஃபர் காலியாகுற நேரத்துக்கு மட்டும், அதுவும் கால் செகண்டுக்கு மேல போகாம, வச்சுக்கலாம். சுடுற கேம்னா சர்வர் அந்த லேட்டைக் கணக்குல எடுத்து பழைய பொசிஷன்ல ஹிட் செக் பண்ணணும், அது தனிக் கதை.

உங்க ஆளு விஷயம் வேற, அவனோட கீ உங்க கையிலயே இருக்கு. 1996-ல குவேக்வேர்ல்டுல கார்மாக் கொண்டு வந்தது இந்த பிரெடிக்ஷனைத்தான். கீ அமுக்கின உடனே நகர்த்துங்க, இன்புட்டை நம்பர் போட்டு சேமிச்சு வைங்க. 120 மில்லிசெகண்ட் பிங்ல "57 வரைக்கும் முடிச்சேன், நீ இங்க இருக்க"ன்னு சர்வர் சொல்றப்போ நீங்க 64-ல இருப்பீங்க. சர்வர் சொன்ன இடத்துல ஆளை வச்சு 58-லேருந்து 64 வரைக்கும் அதே ஃப்ரேம்ல மறுபடி ஓட்டுங்க. மறுபடி ஓட்டாம சர்வர் பொசிஷனை அப்படியே போட்டா 0.7 மீட்டர் பின்னாடி இழுக்கும், ரப்பர் பேண்டிங்ங்கறது பெரும்பாலும் இதுதான்.

போட்டு முடிச்சதும் `renderTime` கடைசி ஸ்னாப்ஷாட்டைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் ஒரு லாக் போடுங்க. நடுங்குறப்போ லாக் வந்தா 100-ஐ 150 ஆக்குங்க. லாக் வராமலே நடுங்குதுன்னா நெட்வொர்க்கை விட்டுடுங்க, அந்த ஆளோட ரிஜிட்பாடில `isKinematic` டிக் ஆயிருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஃபிஸிக்ஸும் உங்க கோடும் ஒரே பொசிஷனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கும்.