எந்திரத்தின் மதிப்பிறக்க நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது?

"எங்கள் மோல்டிங் மெஷினின் ஏட்டு மதிப்பு 40 லட்சம். ஆர்டர் குறைந்துவிட்டது. இப்போது விற்றால் 29 லட்சம்தான் வரும். 11 லட்சம் நட்டம் எழுதலாமா?"

எழுதக்கூடாது. இந்திய கணக்கியல் தரநிலை 36-ன்படி, மீட்கத்தக்க தொகை என்பது இரண்டு தொகைகளில் பெரியது. பலர் சறுக்குவது இங்கேதான், சிறியதை எடுத்துவிடுகிறார்கள்.

முதல் தொகை, விற்றால் கையில் நிற்பது. கழற்றும் கூலி, தரகு என 1.5 லட்சம் போனால் 27.5 லட்சம்.

இரண்டாவது, ஓட்டினால் கிடைப்பது. இன்னும் 4 ஆண்டுக்கு ஆண்டு இறுதியில் நிகரமாக 10 லட்சம் வரும், கடைசியில் ஸ்கிராப் மதிப்பு இல்லை என்று வைப்போம். 12% வட்டியில் கழித்தால் இன்றைய மதிப்பு 8.93 + 7.97 + 7.12 + 6.36, அதாவது சுமார் 30.37 லட்சம். கடன் வட்டியையும் வருமான வரியையும் இந்த வரவிலிருந்து கழிக்காதீர்கள். விகிதமும் வரிக்கு முந்தையதாக இருக்கட்டும்.

பெரியது 30.37. ஆகவே ஏட்டு மதிப்பு 40-லிருந்து அதைக் கழித்தால் நட்டம் 9.63 லட்சம், லாப நட்டக் கணக்குக்குப் போகும். (முன்பு மறுமதிப்பீட்டு உபரி இருந்தால் முதலில் அதில் கழியும்.) அடுத்த ஆண்டிலிருந்து தேய்மானம் 40-ஐ 4-ஆல் வகுத்த 10 லட்சமல்ல, 30.37-ஐ 4-ஆல் வகுத்த 7.59 லட்சம். இதை மாற்ற மறப்பவர்களும் உண்டு.